ஆறு மணிக்கு முன் என்று மட்டும் எழுதுங்கள்

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக்கு எதிரே அம்மன் கோயில் இருக்கிறது. ஆடி மாதத்தில் விடிகாலை நாலரைக்கே குழாய் ஸ்பீக்கர் அலற ஆரம்பித்துவிடும். என் மாமியார் பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கிறார். போன வாரம் கோபத்தில் ஒரு பதிவு எழுதிப் போட்டேன். ஒரே நாளில் ஏகப்பட்ட வசவு. எட்டு வருடமாக எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா மறுநாள் வரவில்லை. பதிவை எடுத்துவிட்டேன், ஆனால் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. யாரையும் புண்படுத்தாமல் எழுத உட்கார்ந்தால் வழவழ கொழகொழவென்று வருகிறது. பதிவைக் கீழே கொடுத்திருக்கிறேன். எப்படித் திருத்துவது?

“ஆடி வந்தாலே போதும், எதிர்ப்பக்கக் காலனி ஆட்களுக்குப் பேய் பிடித்துவிடும். படிப்பு வாசனையே இல்லாத கூட்டம். விடிகாலை நாலரைக்குக் குழாய் போட்டு ஊரையே எழுப்பினால்தான் இவர்கள் அம்மனுக்குக் காது கேட்குமாம். படுத்த படுக்கையாக இருக்கும் என் மாமியார் தினமும் அலறி எழுகிறார். கேட்கப் போனால் குடித்துவிட்டுச் சண்டைக்கு வருவார்கள். போலீசும் ஓட்டுக்குப் பயந்து வாய் திறக்காது. மசூதியில் ஓதினால் மட்டும் எல்லோருக்கும் ரோஷம் வரும், இவர்களைக் கேட்க ஆள் இல்லை. வரி கட்டும் நாங்கள்தான் முட்டாள்கள்.”

— வாசகி, சென்னை

பதில்: வணக்கம். நாளிதழ் ஒன்றில் வாசகர் கடிதங்களையும் கருத்துப் பக்கத்தையும் வெகுகாலம் பார்த்துக்கொண்டவன் நான். இப்படி ஒரு கடிதம் மேசைக்கு வந்தால் முதலில் வார்த்தைகளைத் தொட மாட்டேன். பென்சிலை எடுத்து, எழுதியவர் கண்ணால் பார்த்ததையோ காதால் கேட்டதையோ சொல்லும் வாக்கியங்களின் கீழே மட்டும் கோடு போடுவேன். உங்கள் பதிவில் எட்டு வாக்கியங்கள். கோடு விழுவது மாமியார் அலறி எழுகிறார் என்ற ஒன்றின் கீழேயும், “விடிகாலை நாலரைக்குக் குழாய் போட்டு” என்ற துண்டின் கீழேயும்தான். மற்றதெல்லாம் எதிர்வீட்டு மனிதர்கள் எப்படிப்பட்டவர்கள் என்ற உங்கள் தீர்ப்பு.

வழவழவென்று வருவதற்கும் இதுதான் காரணம். பதிவில் இருந்த உறுதி முழுக்க வசவில்தான் இருந்தது. வசவை எடுத்ததும் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. ஆனால் விஷயத்தில் உங்கள் பக்கம் நீங்கள் நினைப்பதைவிட வலுவானது. அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த அக்கா ஏன் வரவில்லை என்று பார்ப்போம்.

அவர் அதே தெருக்காரரா என்று நீங்கள் சொல்லவில்லை. இல்லாவிட்டாலும் முதல் வாக்கியத்தில் ‘காலனி’ இருக்கிறது. இந்தச் சொல் நம் ஊரில் இரண்டு விதமாக ஒலிக்கும். வங்கி ஊழியர் காலனி, ஆசிரியர் காலனி என்றால் வீட்டு மனையின் பெயர். ‘காலனி ஆட்கள்’ என்றால் அங்கே சாதி வந்து உட்கார்ந்துகொள்கிறது. நீங்கள் அதை நினைக்கவில்லை என்றே நம்புகிறேன், ஆனால் படிக்கிறவர் உங்கள் மனசைப் படிப்பதில்லை, எழுத்தைத்தான் படிக்கிறார். 2025 ஏப்ரலில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அரசு ஆவணங்களிலிருந்து இந்தச் சொல் நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்ததும் இந்த இரண்டாவது அர்த்தத்துக்காகத்தான். அதன் பக்கத்திலேயே ‘படிப்பு வாசனையே இல்லாத கூட்டம்’ என்று இருந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. நீங்கள் சத்தத்தைப் பற்றி எழுதினீர்கள். அவர் படித்தது தன்னைப் பற்றி.

‘கூட்டம்’, ‘ஆட்கள்’, ‘இவர்கள்’ ஆகிய மூன்றையும் உங்கள் பதிவிலிருந்து வெளியேற்றுங்கள். மூன்றுமே தனியாக நின்றால் சாதுவான சொற்கள். ஒரு பிரிவினரின் பெயரோடு சேர்ந்தால், தனித்தனி மனிதர்களை ஒரே மூட்டையாகக் கட்டிவிடும். ‘இவர்கள் அம்மன்’ என்பதைப் பாருங்கள். ஒரு சொல்லில் அம்மனையே பங்கு பிரித்து, உங்களுடையது வேறு, அவர்களுடையது வேறு என்றாக்கிவிட்டீர்கள். உங்களைத் திட்டியவர்களில் பாதிப்பேர் இந்த வாக்கியத்துக்காகத்தான் திட்டியிருப்பார்கள் என்பது என் ஊகம். கேலி வாக்கியங்கள் எழுதும்போது இனிக்கும். பதில் சொல்ல நினைப்பவருக்கும் அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்ளத் தோன்றும்.

அப்படியானால் எழுவாயாக யாரைப் போடுவது? ஊரே குழாய் போடவில்லை. அதற்கென்று விழாக் குழு ஒன்று இருக்கும். அந்தக் குழு ஒரு சவுண்ட் சர்வீஸ்காரரிடம் சொல்லியிருக்கும். அவர் ஆள் வந்து சுவிட்ச் போடுவார். ஆக, செய்தது விழாக் குழு. அந்தத் தெருவிலேயே தூக்கம் கெட்டு, வெளியே சொல்ல முடியாமல் இருக்கும் கிழவிகளும் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளும் உண்டு. ‘காலனி ஆட்கள்’ என்று எழுதியபோது உங்கள் பக்கம் நின்றிருக்கக்கூடிய அவர்களையும் எதிர்ப்பக்கம் தள்ளிவிட்டீர்கள். ‘விழாக் குழு’ என்று எழுதினால் குற்றச்சாட்டு நான்கைந்து பேர் மேல் நேராகப் போய் விழும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பெயரை எடுக்கச் சொன்னால் சிலர் ‘ஒரு குறிப்பிட்ட பகுதியினர்’ என்று போட்டுவிடுவார்கள். அது இன்னும் மோசம். நானே அந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். ஊர்வலம் போனதால் வழி மறிபட்டது என்று ஒரு வாசகர் கடிதம் வந்தது. அதில் இருந்த சமூகப் பெயரை எடுத்துவிட்டு ‘குறிப்பிட்ட சமூகத்தினர்’ என்று மாற்றி அச்சுக்கு அனுப்பினேன். மறுநாள் மூன்று சமூகங்களிலிருந்து தொலைபேசி வந்தது. எங்களைத்தானே சொல்கிறீர்கள் என்று மூவரும் கேட்டார்கள். எந்த அமைப்பு ஊர்வலம் நடத்தியதோ அதன் பெயரைப் போட்டிருந்தால் ஒருவர் மட்டும் கூப்பிட்டிருப்பார், அவருக்குப் பதில் சொல்லவும் என்னிடம் ஏதாவது இருந்திருக்கும்.

அடுத்தது ‘கேட்கப் போனால் குடித்துவிட்டுச் சண்டைக்கு வருவார்கள்’. நீங்கள் கேட்கப் போனீர்களா? கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. தமிழில் ‘வருவார்கள்’ ஒரு வசதியான வினை. இனிமேல் நடக்கப்போவதையும் சொல்லும், வழக்கமாக நடப்பதையும் சொல்லும். நடக்காத ஒன்றை வழக்கமாக நடப்பது போல எழுத இதைவிடச் சுலபமான வழி கிடையாது. ‘போலீஸ் வாய் திறக்காது’ என்பதும் அதே ரகம். இந்த மாதிரி வினைகளை இறந்த காலத்துக்கு மாற்றிப் பார்ப்பது என் பழக்கம். ‘கேட்கப் போனேன், சண்டைக்கு வந்தார்கள்’, ‘புகார் கொடுத்தேன், நடவடிக்கை இல்லை’ என்று உங்களால் எழுத முடிந்தால் வைத்துக்கொள்ளுங்கள், தேதியும் சேர்த்து. முடியாவிட்டால் அந்த வாக்கியங்கள் போகட்டும். அவை இருப்பதால் நீங்கள் உறுதியானவராகத் தெரியவில்லை, போய்க் கேட்கப் பயந்தவராகத்தான் தெரிகிறீர்கள்.

மசூதி வரியில் இரண்டு அடி விழுகிறது. சம்பந்தமே இல்லாத மூன்றாவது தரப்பை இழுத்து வந்து நிறுத்தியிருக்கிறீர்கள். அது போதாதென்று, கேள்வி எழுப்பும் எல்லோரும் பாரபட்சக்காரர்கள் என்றும் சொல்லிவிட்டீர்கள். அதற்குப் பிறகு குழாயை எல்லோரும் மறந்துவிடுவார்கள். எந்த மதம் அதிகமாகச் சத்தம் போடுகிறது என்ற முடிவில்லாத வழக்குதான் நடக்கும். ஆனால் அந்த வரிக்குள் ஒரு நியாயம் இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே அளவுகோல் வேண்டும் என்று சொல்ல வந்தீர்கள். அதைக் குத்தல் இல்லாமல் ஒரே வரியில் சொல்லலாம். கீழே சொல்லியிருக்கிறேன்.

இப்போது உங்கள் பக்கத்தின் வலு. ஒலி மாசு விதிகள் 2000ஆம் ஆண்டு வந்தவை. அவற்றின்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி பயன்படுத்தக் கூடாது. உள்ளுக்குள்ளேயே கேட்கும்படி மூடிய மண்டபங்களுக்கு விலக்கு உண்டு, பொது அவசரத்துக்கும் உண்டு. திருவிழாக்களுக்கு மாநில அரசு தளர்வு தரலாம், ஆனால் வருடத்துக்கு மொத்தம் 15 நாளுக்கு மேல் போகக் கூடாது. அந்தத் தளர்வும் இரவு 10 மணியிலிருந்து 12 மணி வரைக்கும்தான். விடிகாலைக்குத் தளர்வு தர அந்த விதியில் இடமே இல்லை. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்ற கணக்கும் இருக்கிறது, உங்களுக்கு அது தேவைப்படாது. டெசிபல் என்று ஆரம்பித்தால் யார் அளந்தது, எந்தக் கருவியில், எத்தனை அடி தள்ளி நின்று என்று பேச்சு வளரும். மணி நாலரையா இல்லையா என்பதில் அப்படி வாதாட முடியாது.

உறுதியாகவும் யாரையும் இழிவுபடுத்தாமலும் எழுதுவதற்கு ஒரு முன்மாதிரி சென்னையிலிருந்தே இருக்கிறது. மாதவரம் நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு திருச்சபையின் ஒலிபெருக்கி, டிரம்ஸ் சத்தத்தை எதிர்த்து கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி நலச்சங்கம் வழக்குத் தொடுத்தது. (இங்கே காலனி மனைப் பெயர், யாருக்கும் வலிக்கவில்லை.) 2000 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. திருச்சபைக்கு எதிரான தீர்ப்புதான். ஆனால் கிறிஸ்தவர்கள் இப்படி, பெந்தெகொஸ்தேக்காரர்கள் அப்படி என்ற பேச்சு அதில் இல்லை. பிறர் அமைதியைக் கெடுத்துத்தான் வழிபட வேண்டும் என்றோ, ஒலிபெருக்கி வைத்துத்தான் ஜெபிக்க வேண்டும் என்றோ எந்த மதமும் சொல்லவில்லை என்பது அதன் சாரம். முதியவர்கள், உடல் நலிந்தவர்கள், மாணவர்கள், குழந்தைகள் ஆகியோரின் விடிகாலைத் தூக்கத்தைக் கெடுப்பதை மதத்தின் பெயரால் அனுமதிக்க முடியாது என்றும் சொன்னது. உங்கள் மாமியாரை மனதில் வைத்து எழுதியது போலவே இருக்கிறது. ‘எந்த மதமும்’ என்ற எழுவாயைக் கவனியுங்கள். நீங்கள் மசூதி வரியில் சொல்ல முயன்றதை அது சண்டையில்லாமல் சொல்லிவிடுகிறது.

எழுதுவதற்கு முன் இன்னொரு பள்ளத்தையும் காட்டிவிடுகிறேன். வழவழ என்று சொன்னீர்களே, அது அநேகமாக இப்படி இருந்திருக்கும்:

“ஆடித் திருவிழா நம் பண்பாடு. பக்தர்களின் உணர்வை மதிக்கிறேன். யாரையும் புண்படுத்தும் நோக்கம் எனக்கு இல்லை. உண்மையான பக்திக்குச் சத்தம் தேவையில்லை அல்லவா? கொஞ்சம் குறைத்துக்கொண்டால் நன்றாக இருக்கும் என்பது என் தாழ்மையான கருத்து.”

இதில் நாலரை மணி எங்கே போயிற்று? மாமியார் எங்கே? சத்தத்தை எவ்வளவு குறைக்க வேண்டும், எப்போது? எதுவும் இல்லை. ‘புண்படுத்தும் நோக்கம் இல்லை’ என்று படித்ததுமே அடுத்து ஒரு குத்து வரப்போகிறது என்று தமிழ் வாசகர் தயாராகிவிடுவார். அவர் எதிர்பார்த்தபடியே வருகிறது. ‘உண்மையான பக்தி’ என்று சொன்னவுடன் எதிரே இருப்பவரின் பக்தி பொய் என்று ஆகிவிடுகிறது. கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லாமல் ஒருவரை அவமதிப்பது இப்படித்தான். அவர் எப்படிச் சாமி கும்பிட வேண்டும் என்பது உங்கள் விஷயம் இல்லை. எத்தனை மணிக்குக் குழாய் போடலாம் என்பது உங்கள் விஷயம்.

நான் எழுதினால் பதிவு இப்படி இருக்கும். நாள் கணக்கை உங்கள் வீட்டு நடப்புப்படி மாற்றிக்கொள்ளுங்கள்:

“எங்கள் தெரு அம்மன் கோயிலில் ஆடித் திருவிழா நடக்கிறது. விழாக் குழு கட்டியிருக்கும் குழாய் ஸ்பீக்கரில் விடிகாலை நாலரைக்குப் பாட்டுப் போடுகிறார்கள். போன வாரம் ஐந்து நாள் போட்டார்கள். பக்கவாதத்தில் படுத்திருக்கும் என் மாமியார் ஐந்து நாளும் அலறி எழுந்தார், அதற்குப் பிறகு தூங்கவில்லை. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டிலிருந்து இருக்கும் விதி. திருவிழாவுக்கு அரசு தரக்கூடிய தளர்வும் நள்ளிரவு 12 மணி வரைதான், விடிகாலைக்குக் கிடையாது. கோயில், மசூதி, தேவாலயம், கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் இதே விதிதான். விழாவிலோ கூழ் ஊற்றுவதிலோ எனக்கு எந்த மறுப்பும் இல்லை. ஆறு மணிக்கு முன் குழாய் போடக் கூடாது. இதை விழாக் குழுவிடம் நேரில் சொல்லிவிட்டேன். தொடர்ந்தால் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுப்பேன்.”

இதில் மூன்று இடத்தில் கை வைத்தேன். முதலில் ‘கல்யாண மண்டபம்’ என்றும் பட்டியலில் இருந்தது. மூடிய மண்டபத்துக்கு விதியில் விலக்கு இருப்பதால் எடுத்துவிட்டேன். ஒரு தவறு இருந்தால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு மற்ற அத்தனையையும் தள்ளிவிடுவார்கள். இரண்டாவது, ‘விழா நடக்கட்டும், கூழ் ஊற்றட்டும்’ என்று எழுதியிருந்தேன். வாய்விட்டுப் படித்தபோது நாட்டாமை உத்தரவு கொடுப்பது போல இருந்தது. அவர்கள் கோயில் விழாவுக்கு நீங்கள் யார் அனுமதி கொடுக்க? ‘எனக்கு மறுப்பு இல்லை’ என்றால் அது உங்களைப் பற்றிய வாக்கியமாகிவிடுகிறது. மூன்றாவது, ‘போடாமல் இருக்கலாமே’ என்றிருந்ததைப் ‘போடக் கூடாது’ ஆக்கினேன். மரியாதையாக எழுதுவது என்றால் இந்த இடத்தில் குழைவது என்று பலர் நினைக்கிறார்கள். மனிதர்களைப் பற்றிய வாக்கியங்களில் மரியாதை இருந்தால், கோரிக்கை எவ்வளவு கறாராக இருந்தாலும் தாங்கும். ‘இருக்கலாமே’ என்று இழுத்தால் பேரம் பேசலாம் என்று அர்த்தமாகி, ஐந்தேகாலுக்குப் போடுகிறோம் என்று வருவார்கள்.

பழைய பதிவிலிருந்து ‘வரி கட்டும் நாங்கள்’ வேண்டாம். குழாய் கட்டியவரும் தீப்பெட்டி வாங்கினால்கூட வரி கட்டுகிறவர்தான்.

இதையும் சிலர் திட்டுவார்கள். கோயில் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ‘கூடாது’ என்று பார்த்தாலே கோபப்படுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அதற்குப் பயந்து இன்னும் மழுக்க வேண்டியதில்லை. மத உணர்வைப் புண்படுத்துவது பற்றிய சட்டப் பிரிவுகூட (முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 295ஏ, 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதா 299) வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு ஒரு பிரிவினரின் மதத்தை இழிவுபடுத்துவதைத்தான் குற்றம் என்கிறது. நாலரை மணிக்குக் குழாய் போடாதே என்பது அதில் வராது. உங்கள் பழைய பதிவின் மூன்றாவது வாக்கியத்தை வைத்து யாராவது புகார் எழுதியிருந்தால் கடைசியில் அது நிற்காமல் போயிருக்கலாம், ஆனாலும் ஸ்டேஷனுக்கு இரண்டு தடவை நடந்திருப்பீர்கள்.

வேலைகளின் வரிசையைச் சொல்லிவிடுகிறேன், பதிவு அதில் கடைசி. முதலில் அந்த அக்காவைப் பாருங்கள், போனில் வேண்டாம். ‘நான் எழுதினது உங்களைப் புண்படுத்தியிருந்தா’ என்று ஆரம்பிக்காதீர்கள். அந்த ‘இருந்தா’ மன்னிப்பைப் பாதியாக்கிவிடும். ‘காலனி ஆளுங்க, படிக்காத கூட்டம்னு எழுதினது தப்பு, அக்கா. சத்தத்தைப் பத்திச் சொன்னதுல மாத்தம் இல்ல’ என்று இரண்டையும் சொல்லுங்கள். புதிய பதிவை அவர் எதிரில் வாய்விட்டுப் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். எந்த வரியில் உங்கள் குரல் தணிகிறதோ அந்த வரியை மறுபடி எழுதுங்கள்.

அதற்கப்புறம் விழாக் குழு. ‘நேரில் சொல்லிவிட்டேன்’ என்று பதிவில் இருப்பது உண்மையாக வேண்டுமே. வசூலுக்கு வந்தபோது கொடுத்த ரசீது வீட்டில் இருந்தால் அதில் பெயரும் எண்ணும் இருக்கும். சாயங்காலம் போங்கள், பூஜை நேரத்தில் வேண்டாம். ஆறு மணிக்கு முன் வேண்டாம் என்பதைச் சொன்ன கையோடு இன்னொன்றும் கேளுங்கள். குழாய் ஸ்பீக்கர் அது பார்க்கும் திசையில்தான் பெரும் சத்தத்தைத் தள்ளும். கோயில் கம்பத்தில் கட்டியிருப்பதன் வாய் உங்கள் மாமியார் அறை ஜன்னலைப் பார்த்து இருக்கிறதா என்று மாடியிலிருந்து பார்த்துவிட்டுப் போங்கள். அப்படியிருந்தால் சவுண்ட் சர்வீஸ் பையன் ஏணி போட்டு அதைத் தெருப்பக்கம் திருப்ப ஐந்து நிமிஷம்கூட ஆகாது.